மலை வீட்டுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகை: ஆங்கில எழுத்தில் பிழை வராமல் வைப்பது எப்படி

கோத்தகிரிப் பக்கம் வீடு கட்டி, அதற்கு மழைச்சாரல் என்று பெயர் வைத்தோம். தமிழில் அழகான பெயர். ஆனால் ஆங்கில எழுத்தில் அது வந்த இடமெல்லாம் வேறு வேறாக வந்தது. ஒரு ரசீதில் Malaicharal, ஒரு பார்சலில் Mazai Saral, பலகைக் கடை அனுப்பிய முதல் மாதிரியில் இன்னொன்று. எழுத்தைச் சரிசெய்து, பலகையை மாட்டி, முகவரித் தாள்களையும் ஒரே மாதிரி ஆக்கி முடிப்பதற்குள் நிறைய அலைச்சல். நீலகிரியில் புதிதாக வீடு கட்டித் தமிழ்ப் பெயர் வைக்கப்போகிற உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக, எந்த வரிசையில் செய்தால் தடங்கல் வராது என்பதை எழுதுகிறேன்.

1. முதலில் தமிழ் எழுத்தை முடிவுசெய்யுங்கள்

ஆங்கில எழுத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் தமிழ்ப் பெயர் ஒற்றோடு சரியாக இருக்க வேண்டும். மழை சாரல் என்று ச் இல்லாமல் எழுதுவது பிழை. மழைச்சாரல் என்று சேர்த்தோ, மழைச் சாரல் என்று பிரித்தோ எழுதலாம். எப்படி எழுதினாலும் ச் இருக்க வேண்டும். குறிஞ்சிக்குடில், மலைத்தென்றல், பனித்துளி போன்ற பெயர்களிலும் இதே கவனம் தேவை. ஊரில் தமிழாசிரியர் யாராவது இருந்தால் பெயரை ஒரு தாளில் எழுதிக் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். கல்லில் வெட்டிய பிறகு ஒற்றைச் சேர்க்க இடம் இருக்காது.

சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். இது அழகு சார்ந்த முடிவு மட்டும் அல்ல; ஆங்கில எழுத்தையும் இதுதான் தீர்மானிக்கிறது. காரணம் அடுத்த படியில் வருகிறது.

2. ஆங்கில எழுத்தைத் தேர்ந்தெடுங்கள்

பலரும் இங்கே ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு பெயர் முழுக்க ஓட்டிவிடுகிறார்கள். அது பலன் தருவதில்லை. 2020-இல் தமிழக அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஓர் அரசாணை வெளியிட்டது. அதன்படி கோயம்புத்தூர் Koyampuththoor ஆனது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஒலியைத் துல்லியமாகக் காட்டினால் மட்டும் போதாது, பார்ப்பவர் கண்ணுக்குப் பழகிய எழுத்தாகவும் இருக்க வேண்டும். வீட்டுப் பெயருக்கும் இரண்டும் வேண்டும்.

நான் கடைப்பிடித்தது இதுதான்: ஓர் எழுத்தை எளிமையாக்கினால் வேறொரு சொல்லாகிவிடும் இடத்தில் மட்டும் துல்லியத்தை விடக் கூடாது. மற்ற இடங்களில் பழக்கத்தில் உள்ள எழுத்தே போதும்.

மழைச்சாரலை இந்த முறையில் படிப்படியாகப் பார்க்கலாம்.

ழகரம்: இதற்கு zh போட வேண்டும். வெறும் l போட்டால் Malaicharal ஆகும். அதைத் தமிழர் எவரும் மலைச்சாரல் என்றுதான் படிப்பார்கள். மலைச்சாரல் என்பதும் நல்ல தமிழ்ச் சொல், இங்கே மலையிலேயே இருக்கிறோம், ஆகவே படித்தவருக்குத் தவறு நடந்ததாகவே தோன்றாது. நம் வீட்டுப் பெயர் சத்தமில்லாமல் வேறு பெயராகிவிடும். வெறும் z போட்டு Mazai என்று எழுதுவதும் வேண்டாம். Kozhikode, Kanimozhi போன்ற பெயர்களால் zh-க்கு நாடெங்கும் ஓரளவு பழக்கம் வந்திருக்கிறது. நூலகப் பட்டியல்களிலும் ஆய்வு நூல்களிலும் ழகரத்துக்கு அடியில் கோடிட்ட ḻ போடுவார்கள். பலகைக்கு அது வேண்டாம். முகவரிப் படிவங்களில் அதை அடிக்க முடியாது, பிறகு பலகையில் ஒன்று, தாளில் ஒன்று என்று ஆகிவிடும்.

சகரம்: சேர்த்தா, பிரித்தா என்ற முடிவு இங்கேதான் வேலை செய்கிறது. சொல்லின் தொடக்கத்தில் ச வந்தால் s ஒலி, ச்ச என்று இரட்டித்தால் ch ஒலி, ஞ்ச என்று வந்தால் nj ஒலி. ஆங்கிலத்தில் பிரித்து எழுதினால் சாரலைத் தனிச்சொல்லாகவே படிப்பார்கள், எனவே Mazhai Saaral. சேர்த்து எழுதினால் Mazhaicharal. இரண்டையும் கலந்து Mazhai Charal என்றோ Mazhaisaral என்றோ எழுதினால் ஒலிப்பு கெட்டுவிடும்.

நெடில்: சாரலில் உள்ள சா நெடில். அதற்கு ஒரு a போதுமா, இரண்டு வேண்டுமா? பிரித்து எழுதினால் இரண்டு கட்டாயம் வேண்டும். ஒரு a மட்டும் போட்டால் வரும் Saral என்பதை வடநாட்டவர் எளிமை என்று பொருள்படும் இந்திச் சொல்லாகப் படிப்பார்கள். சேர்த்து எழுதினால் ஒரு a போதும். மழைச்சரல் என்று தமிழில் வேறு சொல் இல்லாததால் குழப்பத்துக்கு வாய்ப்பில்லை.

இப்படிப் பார்த்து நாங்கள் Mazhaicharal என்று முடிவுசெய்தோம். ஒரே சொல், பன்னிரண்டு எழுத்து. படிவத்தில் எழுதும்போது பாதிப் பெயர் ஒரு வரியிலும் மீதி அடுத்த வரியிலும் போகாது என்பதும் சேர்த்து எழுதியதற்கு ஒரு காரணம்.

உங்கள் பெயரில் வேறு எழுத்துகள் இருக்கலாம். மலைப்பக்கம் அடிக்கடி வைக்கப்படும் பெயர்களில் தடுமாற்றம் வரும் இடங்கள் இவை. ன்ற என்பது ndr: தென்றலை Thendral என்று எழுதினால் சரியாகப் படிக்கிறார்கள், Thenral என்றால் திணறுகிறார்கள். ஊகாரத்துக்கு Coonoor பழக்கிவிட்ட oo நல்லது. கூடு என்பது Koodu. ஆனால் பூ என்று தொடங்கும் பெயரை Poo என்று தனிச்சொல்லாக விடாதீர்கள், ஆங்கிலத்தில் அதற்கு அருவருப்பான பொருள் உண்டு. பூங்குடில் என்றால் Poongudil என்று சேர்த்தே எழுதுங்கள். தேன்கூட்டை Then என்று தொடங்கினால் எல்லாரும் ஆங்கிலச் சொல்லாகவே படிப்பார்கள், அங்கே Thaenkoodu நல்லது. குறிஞ்சிக்கு Kurinji என்பது ஏற்கெனவே எங்கும் வழங்குவதால் அதில் கை வைக்காதீர்கள். றகரத்தைக் காட்ட rr போட்டால் புதிதாகக் குழப்பம்தான் வரும்.

வீட்டுக்குப் படுகு மொழிப் பெயர் வைப்பதாக இருந்தால் தமிழ் விதிகளைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுத வேண்டாம். அந்த மொழி பேசும் பெரியவர் ஒருவரைச் சொல்லச் சொல்லிக் கேட்டு, அவர் ஒலிப்பின்படி எழுதுங்கள்.

3. பெயரைச் சொல்லாமல் படிக்கச் செய்யுங்கள்

தேர்ந்தெடுத்த ஆங்கில எழுத்தை மட்டும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டின் பெயரை அறியாதவர்களிடம் காட்டி, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தமிழ் தெரிந்தவராக இருந்தால் அதைத் தமிழில் எழுதியும் காட்டச் சொல்லுங்கள். எழுதியது உங்கள் பெயராகவே திரும்பி வந்தால் எழுத்து தேறிவிட்டது.

யாரிடம் காட்டுகிறீர்கள் என்பது முக்கியம். உறவினர்கள் பாசத்தில் சரியாகப் படித்துவிடுவார்கள், அவர்கள் வேண்டாம். பள்ளி மாணவர் ஒருவர், பார்சல் கொண்டுவரும் தம்பி, மலையாளமோ கன்னடமோ தாய்மொழியாக உள்ள பக்கத்து வீட்டார் ஆகியோரிடம் கேளுங்கள். நீலகிரியில் மூவரும் பக்கத்திலேயே கிடைப்பார்கள். மலையாளத்திலும் ழகரம் உண்டு, அதற்கும் zh எழுதுவதே வழக்கம் என்பதால் மலையாளிகள் தடையின்றிப் படித்தார்கள். வடமாநிலத்திலிருந்து வந்து இங்கே வேலை செய்யும் ஒருவர் மஸைசரல் என்று படித்தார். அதை ஏற்றுக்கொள்ளலாம், அவர் கேட்டுக்கொண்டு வந்தால் வீடு கிடைத்துவிடும். தமிழர் படித்து மலைச்சாரல் என்று எழுதினால்தான் எழுத்தை மாற்ற வேண்டும்.

தேறிய எழுத்தை, பெரிய எழுத்து எது, இடைவெளி எங்கே என்பது உட்பட, கைப்பேசியில் ஒரு குறிப்பாகச் சேமித்துவைத்து, இனி எங்கே கொடுத்தாலும் அதிலிருந்து நகலெடுத்தே கொடுங்கள். வாயால் சொன்னால் எழுதுபவர் தம் பழக்கப்படிதான் எழுதுவார்.

4. கடைக்கு எழுத்தாக அனுப்பாதீர்கள், படமாக அனுப்புங்கள்

தமிழில் பிழை புகுவது பெரும்பாலும் இந்தப் படியில்தான். நீங்கள் கைப்பேசியில் யூனிகோடு தமிழில் அனுப்புவீர்கள். கடையின் கணினியில் பழைய வகைத் தமிழ் எழுத்துரு இருக்கும். ஒட்டியதும் எழுத்து சிதறும், அல்லது கடைக்காரர் தாமே மறுபடி அடிப்பார். வெட்டும் இயந்திரத்தில் நிற்பவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாமலும் இருக்கலாம். ழை என்பதில் ஐகாரக் குறி ழகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் உட்கார்ந்திருந்தாலும் அவருக்குத் தெரியாது. எங்களுக்கு வந்த முதல் மாதிரி அப்படித்தான் இருந்தது.

எனவே எழுத்துருவை நீங்களே தேர்ந்தெடுத்து, பெயரை வடிவமாக மாற்றி, பி.டி.எஃப். கோப்பாகக் கொடுங்கள். Noto Serif Tamil, Mukta Malar, Catamaran, Hind Madurai போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. தெரிந்த டி.டி.பி. நிலையத்தில் சொன்னால் எழுத்தை வளைகோடாக மாற்றித் தருவார்கள். அப்படி மாற்றிய கோப்பை எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்து சிதறாது.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று இடங்களை உற்றுப் பாருங்கள்.

ஒன்று, ரகரமும் துணைக்காலும். சில எழுத்துருக்களில் இரண்டுக்கும் வேறுபாடு கீழே ஒரு சிறு கோடுதான். சாரல் என்பதில் இரண்டும் அடுத்தடுத்து வருவதால் தூரத்திலிருந்து சரரல் என்றோ சாால் என்றோ தெரியும். ரகரத்தின் கால் நன்றாக நீண்டிருக்கும் எழுத்துருவை எடுங்கள். அடித்த எழுத்திலும் துணைக்காலுக்குப் பதில் ரகரம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், இது அடிக்கடி நடக்கும் பிழை.

இரண்டு, புள்ளி. உலோகத்தில் தனித்தனி எழுத்தாக வெட்டினால் புள்ளி ஒரு குட்டித் துண்டாகத் தனியே வரும். ஒரே பசைச் சொட்டில் ஒட்டியிருப்பார்கள், ஒரு மழைக்காலத்தில் விழுந்துவிடும். புள்ளி விழுந்தால் பெயரும் கெட்டுவிடும். கல்லில் செதுக்கினால் இந்தத் தொல்லை இல்லை. உலோகம்தான் வேண்டும் என்றால் புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கி, பின்பக்கம் ஆணி வைத்துச் சுவரில் இறக்கச் சொல்லுங்கள்.

மூன்று, ஆங்கிலத்தில் Illam வருகிறதா? கோடு மட்டும் உள்ள எளிய எழுத்துருவில் பெரிய I, சிறிய l இரண்டும் ஒன்றுபோல நிற்கும். மூன்று குச்சிகள் வரிசையாகத் தெரியும். ILLAM என்று முழுக்கப் பெரிய எழுத்தில் போடுங்கள், அல்லது I-க்கு மேலும் கீழும் குறுக்குக்கோடு உள்ள எழுத்துருவை எடுங்கள்.

5. அளவு, பொருள், செலவு

எழுத்தின் உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு: பத்தடித் தொலைவுக்கு ஓர் அங்குலம். வாசலிலிருந்து பார்ப்பவர் நிற்கும் இடம் முப்பதடி என்றால் மூன்று அங்குலம் தேவை. தமிழ் எழுத்தில் சுழியும் வளைவும் அதிகம், மூடுபனியும் உண்டு, ஆகவே தமிழுக்கு நான்கு அங்குலம் வைத்தோம், ஆங்கிலத்துக்கு இரண்டரை. கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஐந்து, மூன்று, இரண்டு என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று தமிழக அரசின் விதி உண்டு. வீட்டுப் பலகைக்கு அது பொருந்தாது. ஆனால் அதே பெயரில் பிற்காலத்தில் தங்கும் விடுதியோ கடையோ நடத்தும் எண்ணம் இருந்தால் இப்போதே அந்த விகிதத்துக்கு அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

பொருளில் என் பரிந்துரை செதுக்கிய கருங்கல் பலகை. செதுக்கிய குழியில் வெள்ளை வண்ணம் நிரப்பினால் பனியிலும் தெரியும். வண்ணம் மங்கினால் நீங்களே மறுபடி பூசலாம். பித்தளை இந்த ஈரத்தில் விரைவில் கறுத்துவிடும், அடிக்கடி துலக்க வேண்டும். இரும்பு துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு எழுத்து வேண்டும் என்றால் 304 தரம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். ஆனால் பளபளக்கும் எஃகைச் சாம்பல் நிறச் சுவரில் வைக்காதீர்கள், பனியில் எழுத்தே தெரியாது. உள்ளே விளக்கு எரியும் அக்ரிலிக் பலகையை இங்கே நான் சொல்ல மாட்டேன். வெளியே தெரியும் வயரைக் குரங்குகள் இழுத்துவிடுகின்றன.

கல் பலகைக்குச் சதுர அடிக் கணக்கு. உலோக எழுத்துக்குப் பெரும்பாலும் ஒரு துண்டுக்கு, ஓர் அங்குல உயரத்துக்கு இவ்வளவு என்று விலை. இதில்தான் தமிழுக்குச் செலவு ஏறுகிறது. மழைச்சாரல் நமக்கு ஆறெழுத்து. கடைக்காரருக்கு ம, ஐகாரக் குறி, ழ, ச, ச, துணைக்கால், ர, ல என்று எட்டுத் துண்டு. இரண்டு புள்ளியையும் எண்ணினால் பத்து. அங்குலத்துக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நான்கு அங்குலத்தில் எட்டுத் துண்டுக்கு 3,200 ரூபாய், பத்துத் துண்டுக்கு 4,000 ரூபாய். ஆங்கிலப் பன்னிரண்டு எழுத்து இரண்டரை அங்குலத்தில் 3,000 ரூபாய். புள்ளிக்குத் தனிக்கணக்கு உண்டா, ஜி.எஸ்.டி. சேர்ந்த விலையா, மாட்டும் கூலி உண்டா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். மாதிரியை நீங்கள் ஒப்புக்கொண்ட பின் வரும் எழுத்துப்பிழைக்கு யார் பொறுப்பு என்பதையும் ரசீதில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

வெட்டுவதற்கு முன் முழு அளவில் காகிதத்தில் அச்சிட்டு வாசல் தூணில் ஒட்டுங்கள். சாலையின் எதிர்ப்பக்கம் நின்று பகலில் ஒரு முறையும், வண்டி விளக்கில் இரவில் ஒரு முறையும் பாருங்கள். சில ரூபாய்ச் செலவுதான். ரகரமும் துணைக்காலும் குழம்புவது இதில்தான் தெரியும்.

6. எப்போது, எங்கே மாட்டுவது

இயந்திரத்தில் வெட்டும் வேலை பல கடைகளில் மேட்டுப்பாளையத்துக்கோ கோயம்புத்தூருக்கோதான் போகிறது. அதனால் ஒரு திருத்தம் என்றாலும் பலகை மலையிறங்கி ஏற வேண்டும். கடையின் வண்டி வெளிமாவட்டப் பதிவெண் கொண்டதா என்று கேளுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளிவண்டிகளுக்கு இ-பாஸ் தேவைப்படுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலா நெரிசலில் எந்த வேலையும் தள்ளிப்போகும்.

வண்ணமும் பசையும் பிடிக்கக் காய்ந்த சுவர் வேண்டும். கோத்தகிரி, குன்னூர்ச் சரிவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. இரண்டையும் விட்டு பிப்ரவரி, மார்ச்சில் மாட்டுவது நல்லது. புதுப் பூச்சுச் சுவராக இருந்தால் அது முழுதாகக் காயும்வரை பொறுங்கள். பலகையைச் சுவரோடு ஒட்டாமல் அரை அங்குலம் விலக்கித் திருகாணியில் நிறுத்தினால் பின்னால் தண்ணீர் தேங்காது, பாசி பிடிக்காது.

உங்கள் சுவருக்குள்ளேயே மாட்டுங்கள். சாலை முனையில் வழிகாட்ட அம்புக்குறிப் பலகை வைக்கும் ஆசை வரும். அதற்காக மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். சாலையோர நிலம் நெடுஞ்சாலைத் துறைக்கோ உள்ளாட்சிக்கோ சொந்தமானது, கேட்காமல் நட்டால் எடுத்துவிடுவார்கள். காட்டெருமை நடமாடும் இடமாக இருந்தால் தூணின் வெளிமூலையைத் தவிர்த்துச் சற்று உள்ளே, உயரமாக வையுங்கள். அவை மூலைகளில் உடம்பைத் தேய்க்கும்.

7. தாள்களில் ஏற்றுவது

வீட்டுப் பெயர் கதவு எண்ணுக்கு மாற்று அல்ல. எந்தப் படிவத்திலும் முதலில் கதவு எண், பிறகு வீட்டுப் பெயர், பிறகு தெரு, ஊர். கிரயப் பத்திரத்தில் வீட்டுப் பெயர் இல்லையே என்று திருத்தப் பத்திரம் எழுதச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்; இந்தக் காரணத்துக்காக அந்தச் செலவு தேவையில்லை.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் சொத்துவரி ரசீது, அடுத்து மின்கட்டணப் பட்டியல், அதன்பின் ஆதார், கடைசியில் வங்கியும் பாஸ்போர்ட்டும். முன்னது பின்னதற்குச் சான்று. வரிசை மாறி முதலில் ஆதாரில் ஒரு விதமாகவும், பிறகு மின்கட்டணப் பட்டியலில் வேறு விதமாகவும் பெயர் ஏறிவிட்டால், அடுத்து வரும் ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். சொத்துவரிக்கும் மின்சாரத்துக்கும் மனு கொடுக்கும்போது பெயரைக் கையால் எழுதாமல் அச்சிட்டுக் கொடுங்கள். கையெழுத்தில் zh என்பது பல நேரம் sh ஆகப் படிக்கப்படுகிறது.

ஆதாரில் முகவரி மாற்ற, மூன்று மாதத்துக்கு உட்பட்ட மின்கட்டணப் பட்டியலோ ஓராண்டுக்கு உட்பட்ட சொத்துவரி ரசீதோ உங்கள் பெயரில் இருந்தால் போதும். கட்டணம் 75 ரூபாய். முடிய ஒரு மாதம்வரை ஆகலாம். இணையத்தில் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் Mazhaicharal என்று அடித்ததும் தமிழ்ப் பகுதி தானாக நிரம்பும். அந்தத் தமிழில் ஒற்று விடுபட்டிருக்கலாம், நெடில் குறிலாகியிருக்கலாம், ழகரம் வேறாகியிருக்கலாம். பணம் கட்டுவதற்கு முன் வரும் முன்னோட்டத்தில் தமிழ் வரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். திருத்த இடம் இருந்தால் சேமித்துவைத்த தமிழ்ப் பெயரை அங்கே ஒட்டுங்கள். இல்லையென்றால் சேவை மையத்துக்கு நேரில் போய், பக்கத்தில் உட்கார்ந்து தமிழை அடிக்கச் சொல்லுங்கள்.

அஞ்சலகத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. வீட்டுப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, கதவு எண், கைப்பேசி எண், 643217 போன்ற உங்கள் பின்கோடு ஆகியவற்றோடு ஒரு தாளை உங்கள் பகுதி தபால்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அஞ்சல் துறை 2025-இல் கொண்டுவந்த DIGIPIN என்ற பத்தெழுத்துக் குறியீட்டையும் அதே தாளில் சேர்க்கலாம். நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டம்வரை இடத்தைக் காட்டும் என்பதால், ஒரே தெருப்பெயரில் மேலும் கீழுமாக வீடுகள் இருக்கும் சரிவுகளில் அது பயன்படும். குறியீட்டை எடுக்கும்போது சாலையில் நிற்காமல் வாசற்படியில் நின்று எடுங்கள். மலையில் அந்த இரண்டுக்கும் இடையே வேறொருவர் வீடு இருக்கக்கூடும்.